எனிகாஸ்ட் டிஎன்எஸ் ரிசால்வர்: மூன்று ஊரில் ஒரே முகவரி, பயனரைப் பக்கத்து நிலையத்துக்கு வரவைப்பது எப்படி?

தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் ரிசால்வர். கூகுளின் ரிசால்வரான 8.8.8.8 என்ற முகவரிக்குப் பின்னால் ஒரே ஒரு கணினி இல்லை. பல நாடுகளில் பல கணினிகள் அதே முகவரியை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. இந்த முறைக்குப் பெயர்தான் எனிகாஸ்ட். உங்கள் கேள்வி அவற்றில் ஏதோ ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறது. எதற்குப் போக வேண்டும் என்பதை உங்கள் கணினி தீர்மானிப்பதில்லை. வழியில் இருக்கும் ரவுட்டர்கள் தீர்மானிக்கின்றன.

ரவுட்டருக்கு எனிகாஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு இடங்களிலிருந்து ஒரே முகவரித் தொகுதிக்கு அறிவிப்பு வந்தால், "ஒரே வீட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது" என்றுதான் அது நினைக்கும். இரண்டு வழியும் வேறு வேறு வீட்டில் போய் முடிகின்றன என்பது அதற்குத் தேவையில்லாத விவரம். தன் விதிகளின்படி நல்ல வழி எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கும். எனிகாஸ்ட் வேலை செய்வதும் இதனால்தான், சொதப்புவதும் இதனால்தான். "பக்கத்து நிலையம்" என்று நாம் சொல்வது வரைபடத்தில் பக்கம். ரவுட்டர் பார்ப்பது வேறு கணக்கு.

இந்த வழிகாட்டியில் சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட், சாவோ பாலோ ஆகிய மூன்று இடங்களில் ஒரு ரிசால்வரை எனிகாஸ்ட்டாக அமைக்கிறோம். பிறகு, சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒரு பயனர் ஏன் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகிறார் என்று கண்டுபிடித்துச் சரி செய்கிறோம். இங்கே அமைப்பில் வரும் முகவரிகளும், ஒவ்வொரு வலையமைப்பையும் அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்களும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்களுடையதை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

## முதல் படி: இரண்டு வகை முகவரி

பயனர்கள் கேள்வி அனுப்பும் சேவை முகவரி ஒன்று வேண்டும்: `203.0.113.53`. இது மூன்று நிலையங்களிலும் ஒன்றேதான். இந்த ஒரு முகவரிக்காக `203.0.113.0/24` முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியிருக்கும். ஐபிவி4-இல் /24-ஐ விடச் சிறிய தொகுதிகளைப் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்றுக்கொள்வதில்லை. ஐபிவி6-இல் அந்த எல்லை /48. 256 முகவரிகளை ஒரே சேவைக்குக் கொடுப்பது வீண்போல் தெரியும், ஆனால் வேறு வழியில்லை.

அப்புறம், ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்கே உரிய யூனிகாஸ்ட் முகவரி ஒன்று வேண்டும். சிங்கப்பூருக்கு `198.51.100.10` என்று வைத்துக்கொள்வோம். இந்த முகவரி இருக்கும் தொகுதியைச் சிங்கப்பூரிலிருந்து மட்டுமே அறிவிக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்க உள்ளே நுழைவதும், ரிசால்வர் வெளியே கேள்வி அனுப்புவதும், பின்னால் நாம் செய்யப்போகும் சோதனையும் இதை நம்பித்தான்.

## இரண்டாம் படி: ரிசால்வர்

சேவை முகவரியை, கணினிக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இணைப்பான லூப்பேக்கில் போடுங்கள். எந்த நெட்வொர்க் கார்டு விழுந்தாலும் லூப்பேக் விழாது.

```
ip addr add 203.0.113.53/32 dev lo
```

ரிசால்வர் மென்பொருள் அன்பவுண்ட் என்றால் அமைப்பு இவ்வளவுதான். மற்றபடி யாருக்கெல்லாம் பதில் தரலாம் என்ற `access-control` வரிகளை நீங்கள் சேர்க்க வேண்டும்; நான்காம் படியில் வரும் சோதனைக்காக `203.0.113.53`-ஐயும் அதில் அனுமதியுங்கள்.

```
server:
    interface: 203.0.113.53
    interface: 198.51.100.10
    outgoing-interface: 198.51.100.10
    identity: "sin1"
    edns-buffer-size: 1232
```

இதில் `outgoing-interface` வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரிசால்வர் இரண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கம் பயனருக்குப் பதில் சொல்கிறது, மறுபக்கம் தானே போய் மற்ற டிஎன்எஸ் சர்வர்களிடம் கேட்கிறது. பயனருக்குப் பதில் சொல்லும்போது சேவை முகவரியிலிருந்து சொல்ல வேண்டும். வெளியே கேட்கும்போது அந்த முகவரியைப் பயன்படுத்தவே கூடாது.

ஏன் என்று பாருங்கள். சிங்கப்பூர் நிலையம் `203.0.113.53` என்ற முகவரியிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் ஒரு சர்வரிடம் கேட்கிறது. அந்தச் சர்வர் பதிலை அதே முகவரிக்கு அனுப்புகிறது. ஜெர்மனியிலிருந்து கிளம்பிய பதில் ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்தில் போய் இறங்கும். அது கேட்காத கேள்விக்கு வந்த பதில், எனவே தூக்கி எறிந்துவிடும். சிங்கப்பூர் காத்திருந்து, நேரம் முடிந்து, அதே டொமைனின் வேறொரு சர்வரிடம் கேட்கும். அந்தச் சர்வர் சிங்கப்பூர் பக்கம் இருந்தால் பதில் வந்துவிடும். அதனால் வெளியே தெரியும் அறிகுறி "வேலை செய்யவில்லை" என்பதல்ல. "சில தளங்கள் மட்டும், சில நேரம் மட்டும், தாமதமாகத் திறக்கின்றன" என்பதுதான். இதைத் தேடிக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு நாள் செலவழித்திருக்கிறேன். பயனர் பக்கம் எவ்வளவு பார்த்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் வேறொரு நிலையத்தில் இந்தக் கட்டளையைப் போட்டதும் தெரிந்துவிட்டது:

```
tcpdump -ni any src port 53 and dst host 203.0.113.53 and not src host 203.0.113.53
```

அங்கே யாரும் கேட்காத பதில்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. சரியாக அமைத்த நிலையத்தில் இந்தக் கட்டளை ஏறக்குறைய அமைதியாக இருக்க வேண்டும்.

`outgoing-interface` எழுதாமல் விட்டால் கர்னல் ஒரு முகவரியைத் தானாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் சரியானதைத்தான் எடுக்கும். ஆனால் நாளைக்கு யாராவது ரூட் டேபிளில் கை வைத்தால் மாறிவிடலாம். எழுதியே வைத்துவிடுங்கள்.

`identity` வரி நிலையத்தின் பெயரைச் சொல்வதற்கு. `edns-buffer-size` பற்றி ஒரே வார்த்தை: பெரிய பதில்கள் வழியில் துண்டு துண்டாக உடைந்தால், இரண்டாவது துண்டில் போர்ட் எண் இருக்காது. வழியில் இருக்கும் ஃபயர்வால் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடலாம். 1232 பைட் என்ற எல்லை இந்த உடைப்பையே தவிர்க்கிறது.

## மூன்றாம் படி: அறிவிப்பு

இனி உலகத்துக்குச் சொல்ல வேண்டும். நம் ஏஎஸ் எண் 64500, சிங்கப்பூரில் நமக்கு டிரான்சிட், அதாவது மொத்த இணையத்துக்கும் வழி, தரும் நிறுவனம் 64496. அறிவிப்பு வேலையைச் செய்யும் மென்பொருளான பேர்ட் 2-இல் முக்கியமான பகுதி இது:

```
protocol static anycast4 {
    ipv4;
    route 203.0.113.0/24 blackhole;
}
protocol bgp transit1 {
    local 192.0.2.2 as 64500;
    neighbor 192.0.2.1 as 64496;
    ipv4 {
        import none;
        export where proto = "anycast4";
    };
}
```

மற்ற இரண்டு நிலையங்களிலும் இதே அமைப்பு, `local` வரியில் இருக்கும் நம் முகவரியும், பக்கத்து ரவுட்டரின் முகவரியும் எண்ணும் மட்டும் மாறும். மூன்று இடத்திலும் நம் ஏஎஸ் எண் ஒன்றாகவே இருக்கட்டும். அறிவிப்பதற்கு முன் இந்த /24-க்கு, அதை அறிவிக்க 64500-க்கு அனுமதி உண்டு என்று காட்டும் ஆர்ஓஏ பதிவைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு யாராவது தவறுதலாக இதே தொகுதியை அறிவித்தால், அதைத் தவறு என்று அடையாளம் காண மற்ற வலையமைப்புகளுக்கு வழி இல்லை.

## நான்காம் படி: செத்த நிலையம் அறிவிக்கக் கூடாது

ரிசால்வர் மென்பொருள் நின்றுபோனாலும், ரவுட்டர்கள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி இணைப்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டர்கள் தொடர்ந்து பயனர்களை அங்கேயே அனுப்பும். அவர்களுக்கு இணையமே போனது மாதிரி இருக்கும். அதனால் ரிசால்வரைச் சோதித்து, பதில் இல்லை என்றால் அறிவிப்பைத் திரும்பப் பெறும் ஒரு சிறு நிரல் கட்டாயம் வேண்டும்.

```
probe() {
  for n in check.example.net check.example.org; do
    dig @203.0.113.53 $n TXT +time=1 +tries=1 +short |
      grep -q alive && return 0
  done
  return 1
}
ok=0; bad=0
while sleep 2; do
  if probe; then ok=$((ok+1)); bad=0
  else bad=$((bad+1)); ok=0; fi
  [ $bad -eq 3 ] && birdc disable anycast4
  [ $ok -eq 30 ] && birdc enable anycast4
done
```

இந்த நிரலை அந்தந்தக் கணினியிலேயே ஓட்ட வேண்டும். வெளியிலிருந்து `203.0.113.53`-ஐச் சோதித்தால், சோதிக்கும் இடத்துக்கு எந்த நிலையம் வாய்க்கிறதோ அது மட்டும்தான் சோதிக்கப்படும். உள்ளிருந்து கேட்டால் லூப்பேக்கில் இருக்கும் முகவரியே பதில் சொல்லும், வேறு எங்கும் போகாது.

இறக்குவதற்கு மூன்று தோல்வி போதும், அதாவது ஏறக்குறைய ஆறு முதல் பன்னிரண்டு நொடி. ஏற்றுவதற்கு முப்பது வெற்றி, அதாவது ஒரு நிமிடம். இந்த ஏற்றத்தாழ்வு வேண்டுமென்றே வைத்தது. தள்ளாடும் நிலையம் அறிவிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தால், சில வலையமைப்புகள் எரிச்சலாகி அந்த வழியையே கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிடும்.

இரண்டு பெயர்களைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ஒரே பெயரை நம்பியிருந்து, அந்தப் பெயரைத் தாங்கும் சர்வர் விழுந்தால், மூன்று நிலையங்களும் "நான் செத்துவிட்டேன்" என்று ஒரே நேரத்தில் முடிவு செய்து ஒன்றாக விலகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் மூன்று ரிசால்வர்கள் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்துபோகும். எனவே `alive` என்ற TXT பதிவு கொண்ட அந்த இரண்டு பெயர்களும் வேறு வேறு நிறுவனங்களின் சர்வர்களில் இருக்கட்டும். பதிலைச் சேமித்து வைக்கும் காலமான டிடிஎல் ஒரு நொடி போதும், இல்லையென்றால் சேமித்து வைத்த பதிலைத்தான் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்லா நிலையமும் ஒன்றாக விலகும் ஆபத்து கற்பனை அல்ல. 2025 ஜூலை 14 அன்று கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஒரு மணி நேரத்துக்கும் மேல் உலகம் முழுவதும் கிடைக்காமல் போனது. காரணம் தாக்குதல் இல்லை. ஓர் அமைப்புப் பிழையால் அந்த முகவரித் தொகுதிகளின் அறிவிப்பு எல்லா மையங்களிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. எத்தனை நூறு நிலையம் இருந்தாலும், ஒரே மாற்றம் எல்லாவற்றையும் தொட முடியும் என்றால் அவை அத்தனையும் ஒரே நிலையம்தான். நிரலில் எந்த மாற்றம் செய்தாலும் ஒரு நிலையத்தில் போட்டு, ஒரு நாள் பார்த்துவிட்டு, அடுத்ததில் போடுங்கள்.

## ஐந்தாம் படி: யார் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பது

சரி, மூன்று நிலையமும் ஓடுகின்றன. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பயனர் "மெதுவாக இருக்கிறது" என்கிறார். அவருடைய கணினியில் மூன்று சோதனை போதும்.

```
$ dig @203.0.113.53 id.server CH TXT +short
"fra1"
$ ping -c 5 203.0.113.53      # 172 ms
$ ping -c 5 198.51.100.10     # 4 ms
```

முதல் வரி, நாம் `identity`-யில் எழுதிய பெயரைக் கேட்கிறது. பதில் ஃபிராங்க்ஃபர்ட். இரண்டாவது வரி அந்த நிலையம் எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும், அதாவது போய்வர 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிநொடி. சிங்கப்பூருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் நேர்கோட்டிலேயே பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. ஆக 172 என்பது நியாயமான எண்தான். மூன்றாவது வரிதான் முக்கியம்: சிங்கப்பூர் நிலையம் அவருக்கு 4 மில்லிநொடி தூரத்தில் இருக்கிறது. பாதை இருக்கிறது, நிலையமும் உயிரோடு இருக்கிறது. ரவுட்டர்கள்தான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

168 மில்லிநொடி வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. பெரிய தளங்களின் உள்ளடக்கம் பல இடங்களில் வைக்கப்பட்டிருக்கும். எந்த இடத்து முகவரியைத் தருவது என்பதை அவர்களுடைய டிஎன்எஸ், கேட்கும் ரிசால்வரின் முகவரியைப் பார்த்து முடிவு செய்வது வழக்கம். ஃபிராங்க்ஃபர்ட் நிலையம் கேட்டால் ஐரோப்பாவில் இருக்கும் சர்வரின் முகவரி வரும். சிங்கப்பூர்ப் பயனர் ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் அங்கிருந்து இழுப்பார். டிஎன்எஸ் தாமதம் ஒருமுறை, இந்தத் தாமதம் ஒவ்வொரு கோப்புக்கும்.

இப்போது காரணத்தைத் தேடுவோம். பயனரின் இணைய நிறுவனம் 64510. அது 64505 என்ற பெரிய வலையமைப்பிடமிருந்து டிரான்சிட் வாங்குகிறது. தன் ரவுட்டர்களுக்குத் தெரியும் வழிகளை வெளியாருக்குக் காட்டும் 64505-இன் லுக்கிங் கிளாஸ் பக்கத்தில், சிங்கப்பூர் ரவுட்டரில் நம் தொகுதியைத் தேடினால், இப்படி இரண்டு வழி தெரிகிறது, அம்புக்குறி போட்டிருப்பது தேர்வான வழி:

```
203.0.113.0/24
> local-pref 200  path 64497 64500
  local-pref 100  path 64496 64500
```

64497 என்பது ஃபிராங்க்ஃபர்ட்டில் நமக்கு டிரான்சிட் தரும் நிறுவனம். அது 64505-க்குப் பணம் கட்டும் வாடிக்கையாளர். சிங்கப்பூரில் நமக்கு டிரான்சிட் தரும் 64496, 64505-இன் பியர். இருவருக்கும் இடையில் பணம் கைமாறுவதில்லை. வாடிக்கையாளர் வழியாக அனுப்பினால் 64505-க்கு வருமானம், பியர் வழியாக அனுப்பினால் ஒன்றும் இல்லை. அதனால் வாடிக்கையாளர் வழிக்கு அதிக லோக்கல் பிரிஃபரன்ஸ், அதாவது முன்னுரிமை எண், கொடுத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லா வலையமைப்பும் இப்படித்தான் செய்யும்.

பிஜிபி முதலில் பார்ப்பது இந்த லோக்கல் பிரிஃபரன்ஸ். அதில் சமம் என்றால் ஏஎஸ் பாதையின் நீளம். அதன் பிறகு இன்னும் ஓரிரண்டு ஒப்பீடு. இவை எல்லாவற்றிலும் சமமாக இருந்தால்தான், தனக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிவாசல் எது என்று ரவுட்டர் பார்க்கும். பூகோள தூரம் கணக்கில் வரும் ஒரே இடம் அந்தக் கடைசிப் படிதான். நம் பயனரின் பேக்கெட் அந்தப் படிவரை போகவே இல்லை. முதல் படியிலேயே அதன் தலையெழுத்து முடிவாகிவிட்டது.

## ஆறாம் படி: சரி செய்வது

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, ஃபிராங்க்ஃபர்ட் அறிவிப்பில் நம் ஏஎஸ் எண்ணை மூன்று முறை எழுதிப் பாதையை நீளமாகக் காட்டுவது. இங்கே அதனால் பயன் இல்லை. நீளம் இரண்டாவதாகத்தான் பார்க்கப்படும்; 200-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் அதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடும். போதாததற்கு, லோக்கல் பிரிஃபரன்ஸ் சமமாக இருக்கும் வேறு வலையமைப்புகளில் இந்த நீட்டல் பலித்துவிடும். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நியாயமாக வர வேண்டிய ஐரோப்பியப் பயனர்கள் அங்கிருந்து சிங்கப்பூருக்குத் தள்ளப்படுவார்கள்.

இரண்டாவது வழி, 64497 தரும் கம்யூனிட்டி என்ற குறிச்சொல் ஒன்றை நம் அறிவிப்பில் ஒட்டி, "எங்கள் அறிவிப்பை 64505-க்குச் சொல்லாதே" என்று கேட்பது. சிங்கப்பூர்ப் பயனர் உடனே சரியாகிவிடுவார். ஆனால் 64505-க்கு ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் இருந்தால், அவர்களுக்கும் இனி 64496 வழிதான் மிச்சம். அந்த வழி முடிவது சிங்கப்பூரில். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழிகிறது. அவசரத்துக்கு இரவில் போட்டு வைக்கலாம், நிரந்தரமாக விடக் கூடாது.

நிலைத்து நிற்பது மூன்றாவது வழி: எல்லா நிலையங்களிலும் ஒரே நிறுவனத்திடம் டிரான்சிட் வாங்குவது. இங்கே 64497-ஐச் சிங்கப்பூரிலும் சாவோ பாலோவிலும் வாங்குகிறோம். இப்போது 64505-இன் சிங்கப்பூர் ரவுட்டருக்கு, 64497-இடமிருந்து அங்கேயே நேரடியாக அறிவிப்பு வருகிறது. லோக்கல் பிரிஃபரன்ஸ் 200, பாதையும் அதே நீளம். சமம் சமம் என்று எல்லாப் படியும் தாண்டி, "என் பக்கத்து வாசல் எது" என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறது. பேக்கெட் சிங்கப்பூரிலேயே 64497-இடம் கைமாறுகிறது. 64497-க்கும் இப்போது நம் மூன்று நிலையங்களும் தெரியும். அதுவும் தனக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறது. சுமையைச் சீக்கிரம் இறக்கிவைக்கத்தான் ஒவ்வொரு வலையமைப்பும் பார்க்கிறது. அந்தச் சுயநலம் நமக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 64497 எல்லாக் கண்டத்திலும் ஒரே ஏஎஸ் எண்ணில் இயங்க வேண்டும், 64505-உடன் சிங்கப்பூரிலேயே இணைந்திருக்க வேண்டும். இரண்டும் ஐரோப்பாவில் மட்டும் சந்திக்கின்றன என்றால் பேக்கெட் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. விலையைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

மாற்றம் செய்த பின், அறிவிப்பு பரவுவதற்குச் சில நிமிடம் கொடுத்துவிட்டு அதே மூன்று சோதனையை மறுபடி செய்யுங்கள். `id.server` இப்போது `sin1` என்று சொல்ல வேண்டும். இரண்டு பிங் எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பயனரோடு நிறுத்த வேண்டாம். ரைப் அட்லஸின் சோதனைக் கருவிகள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றிலிருந்து இதே `id.server` கேள்வியை மாற்றத்துக்கு முன்பும் பின்பும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால், நீங்கள் நினைக்காத எந்த நாட்டுப் பயனர் எந்த நிலையத்திலிருந்து எங்கே தாவினார் என்று தெரியும். கூடவே சிங்கப்பூர் நிலையத்தின் கேள்வி எண்ணிக்கையையும் பாருங்கள். 64505-க்குக் கீழே அந்தப் பகுதியில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து இறங்கியிருப்பார்கள். ஃபிராங்க்ஃபர்ட் இதுவரை தாங்கிய சுமையில் ஒரு பங்கு இனி சிங்கப்பூரின் தலையில், அதைத் தாங்கும் அளவுக்கு அங்கே கணினிகள் இருக்கின்றனவா என்பதை மாற்றத்துக்கு முந்தின நாளே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.